ரத்தத்தில் தெரியாத கழுத்துக் கட்டி: பாராகாங்லியோமா கேள்வி பதில்

தலை, கழுத்து அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பல, நரம்புகளை ஒட்டிய சிறு செல் கூட்டங்களில் வளரும் பாராகாங்லியோமா கட்டி கழுத்தில் வருவதைச் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவிக்கு 44 வயது. தாடைக்குக் கீழே வலப்பக்கம் கட்டி. எம்ஆர்ஐயில் கரோட்டிட் பாடி பாராகாங்லியோமா என்று வந்திருக்கிறது. ஆனால் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை நார்மல். ஸ்கேன் தப்பா, ரத்தப் பரிசோதனை தப்பா?

இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். மெட்டாநெஃப்ரின் பரிசோதனை கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கட்டி அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற கேட்டகோலமைன் ஹார்மோன்களைச் சுரக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா அநேகமாக எப்போதும் சுரக்கும். அதனால் அங்கே ரத்தம் நார்மல் என்றால் அந்தக் கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பிவிடலாம். கழுத்தில் வருவதில் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடச் சுரப்பு இருக்காது. இங்கே நார்மல் ரிப்போர்ட் கட்டியை மறுக்கவில்லை. 'இது பேசாத கட்டி' என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

கரோட்டிட் பாடி என்பது கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில் இருக்கும், அரிசி மணி அளவுள்ள ஒரு உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அங்கே கட்டி வளரும்போது இரண்டு கிளைகளையும் விலக்கிக்கொண்டே வளரும். உங்கள் மனைவியின் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தால், இரண்டு தமனிகளும் கட்டியை அணைத்தபடி அகன்று வளைந்திருப்பது தெரியும். கட்டிக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். கறுப்புப் புள்ளிகள் வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள். கையால் தொட்டுப் பார்க்கும்போதும் ஒரு அடையாளம் உண்டு: பக்கவாட்டில் அசையும், மேலும் கீழும் அசையாது. தமனியோடு ஒட்டியிருப்பதால்தான் அப்படி.

நான் நர்ஸ். ஃபியோ நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே செல்லிலிருந்து வருபவைதானே? பிறகு ஒன்று அட்ரினலினைக் கொட்டுகிறது, இன்னொன்று ஏன் சும்மா இருக்கிறது?

ஒரே குடும்பம் என்பது சரி, ஆனால் கிளை வேறு. அட்ரினலில் இருப்பவையும், வயிற்றில் பெருந்தமனியை ஒட்டி இருப்பவற்றில் பெரும்பாலானவையும் ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகளைச் சேர்ந்தவை. கழுத்திலும் காதுக்கடியிலும் இருப்பவை, உடலை அமைதிப்படுத்தும் பாராசிம்பதெடிக் பக்கம்.

அட்ரினலின் ஒரே அடியில் உருவாவதில்லை. டைரோசின் முதலில் டோபா ஆகிறது, அது டோபமைன் ஆகிறது, பிறகு நார்அட்ரினலின், கடைசியில் அட்ரினலின். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். கழுத்துக் கட்டிகள் பலவற்றில் முதல் படிக்கான நொதியே இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. தொடக்கமே இல்லாதபோது முடிவு எங்கிருந்து வரும்?

கடைசிப் படி இன்னும் சுவாரசியமானது. நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதி வேலை செய்ய கார்டிசோல் நிறைய வேண்டும். அட்ரினல் சுரப்பியின் வெளிப்புறத்தில் கார்டிசோல் சுரக்கிறது, அது உள்ளே இருக்கும் செல்களை நனைத்துக்கொண்டே போகிறது. வேறு எந்த இடத்துக்கும் அந்த வசதி இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் அட்ரினலினின் மிச்சமான மெட்டாநெஃப்ரின் கணிசமாக ஏறியிருந்தால் கண் முதலில் அட்ரினல் பக்கம் போகும். நார்அட்ரினலினின் மிச்சமான நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் ஏறியிருந்தால் அட்ரினலாகவும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம்.

என் தம்பிக்கு 38 வயது. இடப்பக்கக் கழுத்தில் 3 செ.மீ. கட்டி, கரோட்டிட் பாடி என்கிறார்கள். மெட்டாநெஃப்ரின் நார்மல், நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் நான்கு மடங்கு. பி.பி. 150/95. கழுத்துக் கட்டி சுரக்கிறது என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். சரிதானா?

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி உடனே பேசுங்கள். முதலில் மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் படம் எடுக்க வேண்டும்.

இதே மாதிரி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கும் கழுத்துக் கட்டி, அவருக்கும் நார்மெட்டாநெஃப்ரின் பல மடங்கு. அவ்வப்போது வியர்த்துக் கொட்டும், தலைவலி வரும், அதை வேலை அழுத்தம் என்று நினைத்திருந்தார். எளிதாகப் பிழையாகக்கூடியது ரத்தம் எடுக்கும் முறைதான் என்பதால், முதலில் பரிசோதனையைத் திரும்பச் செய்தோம். அமைதியான அறையில் அரை மணி நேரம் படுக்க வைத்து, படுத்த நிலையிலேயே ரத்தம் எடுத்தோம். உட்கார்ந்தபடி எடுத்தால் நார்மெட்டாநெஃப்ரின் கொஞ்சம் ஏறிக் காட்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ஏற்றும். ஆனால் இவற்றால் ஏறுவது பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். இவருக்கு இரண்டாவது தடவையும் பல மடங்கு இருந்தது, பொய்யில்லை என்று தெரிந்தது.

அப்புறம் வயிற்றை சிடி ஸ்கேன் செய்தபோது, பெருந்தமனிக்குப் பக்கத்தில் 4 செ.மீ. அளவில் இன்னொரு கட்டி. சுரந்துகொண்டிருந்தது அதுதான். கழுத்துக் கட்டி வெறுமனே உட்கார்ந்திருந்தது. கழுத்தை முதலில் திறந்திருந்தால், மயக்கம் கொடுக்கும் நேரத்திலேயே வயிற்றுக் கட்டி பி.பி.யை 250க்கு மேல் தூக்கியிருக்கலாம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மேசையில் அது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

அவருக்கு முதலில் இரண்டு வாரம், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை, கூடவே உப்பும் தண்ணீரும் தாராளமாக. ஆல்ஃபா பிளாக்கர் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான், இதயத் துடிப்பு அதிகமாக இருந்ததால், அதைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சேர்த்தோம். இந்த வரிசை மாறவே கூடாது. பீட்டாவை முதலில் கொடுத்தால் ரத்தக்குழாய்கள் இறுகி பி.பி. இன்னும் ஏறும். வயிற்றுக் கட்டியை எடுத்த சில வாரங்களில் நார்மெட்டாநெஃப்ரின் நார்மலுக்கு வந்தது. கழுத்துக் கட்டி அமைதியானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதைப் பிறகு நிதானமாகத் திட்டமிட்டோம்.

உங்கள் தம்பிக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கழுத்துக் கட்டியே சுரக்கும் சிலரும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது, மற்ற இடங்களில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு.

கட்டியில் ஊசி போட்டுப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

படத்தில் பாராகாங்லியோமா என்று சந்தேகம் எழுந்துவிட்டால் ஊசி தேவையில்லை. படமே போதும். ரத்தம் நிறைந்த கட்டி அது. துண்டு எடுத்தால் கசிவு ஏற்பட்டு, பின்னால் தமனியிலிருந்து கட்டியைப் பிரிப்பது சிரமமாகும். சுரக்கும் கட்டியாக இருந்தால் அந்த ஊசியே பி.பி.யைக் கிளப்பிவிடலாம். இன்னும் ஸ்கேனே எடுக்கவில்லை என்றால், 'முதலில் ஸ்கேன், பிறகு ஊசி' என்று கேளுங்கள்.

சுரக்கவில்லை என்றால் சாதுவான கட்டி என்றுதானே அர்த்தம்? அம்மாவுக்கு அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம்.

இரண்டையும் சேர்க்காதீர்கள். சுரப்பது ஒரு விஷயம், பரவுவது வேறு விஷயம். சுரக்காத கட்டியும் நிணநீர் முடிச்சுகளுக்கோ எலும்புக்கோ போகலாம். கழுத்தில் அப்படி நடப்பது குறைவு, ஆனால் நடக்கும். குறிப்பாக, இந்தக் கட்டிகள் பரம்பரையாக வரக் காரணமான மரபணுக்களில் ஒன்றான எஸ்டிஎச்பியில் மாற்றம் இருப்பவர்களை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். 2017ல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கட்டிகளைச் சாது, கொடியது என்று பிரிப்பதையே நிறுத்திவிட்டது. எல்லாவற்றுக்கும் பரவும் வாய்ப்பு கொஞ்சமாவது உண்டு என்பதே இப்போதைய நிலை.

அதே நேரம், 'விட்டுவிடுவது' வேறு, 'கவனித்துக்கொண்டே இருப்பது' வேறு. இரண்டாவது பலருக்கு நல்ல முடிவுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

நான் நியூக்ளியர் மெடிசினில் வேலை செய்கிறேன். எம்ஐபிஜி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று நோயாளியை நிம்மதியாக அனுப்புவதைப் பார்க்கிறேன். அப்புறம், மெத்தாக்சிடைரமினைப் பற்றி நீங்கள் ஏன் பேசவில்லை?

இரண்டு இடத்திலும் சரியாகப் பிடித்தீர்கள். எம்ஐபிஜி நார்அட்ரினலினைப் போல நடித்து செல்லுக்குள் போகும் பொருள். அட்ரினல் கட்டிகள் அதை நன்றாக உள்ளே இழுக்கும், கழுத்துக் கட்டிகள் பல சமயம் இழுக்காது. கழுத்துக்கு கேலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன்தான் கூர்மையானது. எதிர்ப்பக்கக் கழுத்தில் இருக்கும் சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

மெத்தாக்சிடைரமின் என்பது டோபமைனின் மிச்சம். மற்ற இரண்டும் நார்மலாக இருந்தும் இது மட்டும் ஏறியிருக்கும் கழுத்துக் கட்டிகள் உண்டு. டோபமைன் பொதுவாக பி.பி.யை ஏற்றாது. அதனால் அது மட்டும் ஏறியவருக்குப் பழக்கத்தில் ஆல்ஃபா பிளாக்கர் எழுதினால், பி.பி. தேவையில்லாமல் விழும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வாழைப்பழம் மாதிரி டோபமைன் உள்ள உணவே எண்ணை ஏற்றிவிடும். இந்த எண்ணை வைத்து சிகிச்சையை எவ்வளவு மாற்றலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை.

அப்பாவுக்கு இரண்டு பக்கமும் கழுத்துக் கட்டி, எஸ்டிஎச்டி மரபணு மாற்றம். எனக்கும் அக்காவுக்கும் அதே மாற்றம் இருக்கிறது. பெண்கள் வழியாக இது வராது என்றார்கள். அக்கா கவலைப்பட வேண்டாம் அல்லவா?

அக்காவுக்கு இது அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் உங்களுக்கு இருக்கும் அதே வாய்ப்பு அவருக்கும் உண்டு. கணக்கு யாரிடமிருந்து வந்தது என்பதுதான், யாருக்கு வந்தது என்பது இல்லை. அக்காவின் குழந்தைகள் அம்மாவழியில் பெறுவதால் அவர்களுக்குக் கட்டி வருவது மிக அரிது. ஆனால் அக்காவின் மகன் அதைத் தன் குழந்தைகளுக்குக் கொடுத்தால், அங்கே மறுபடி தலைதூக்கும். ஒரு தலைமுறை தப்பியதும் குடும்பங்கள் பரிசோதனையை மறந்துவிடுவது அதனால்தான்.

ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாதீர்கள். ரத்தம் வயிற்றுக் கட்டியைக் காட்டும், கழுத்துக் கட்டியைக் காட்டாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழுத்திலிருந்து இடுப்பு வரை எம்ஆர்ஐ வேண்டும்.

எனக்கு 63 வயது, 2 செ.மீ. கரோட்டிட் பாடி கட்டி, சுரப்பு இல்லை, வலி இல்லை. ஒரு மருத்துவர் எடு என்கிறார், இன்னொருவர் பார்க்கலாம் என்கிறார். யாரை நம்புவது?

இருவரிடமும் நியாயம் இருக்கிறது. அட்ரினல் கட்டி ஹார்மோனால் ஆளைத் தாக்கும், அதனால் பெரும்பாலும் எடுத்தே ஆக வேண்டும். உங்களுடையது பக்கத்தில் இருக்கும் நரம்புகளை அழுத்தித்தான் தொல்லை தரும். அதே நரம்புகள்தான் அறுவை சிகிச்சையிலும் அடிபடக்கூடியவை: குரலுக்கானது, நாக்கை அசைப்பது, விழுங்குவது. இப்போது எடுத்தால் கட்டி சிறியது, நரம்புகள் தப்பிக்க நல்ல வாய்ப்பு. எடுக்காவிட்டால், இவை ஆண்டுக்குச் சராசரியாக 1 மி.மீ. அளவில்தான் வளர்கின்றன. சில வளர்வதே இல்லை.

உங்கள் வயதில் நானாக இருந்தால் முதலில் வளர்கிறதா என்று பார்ப்பேன். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு எம்ஆர்ஐ, முந்தைய படத்தோடு அதே கோணத்தில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். அறிக்கையில் இருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிட்டால், வேறு ஆள் வேறு கோணத்தில் அளந்த 2 மி.மீ. வித்தியாசம் வளர்ச்சி மாதிரி தெரியும். நிஜமாகவே வளர்ந்தால், அல்லது குரல் கம்மினால், விழுங்கும்போது புரையேறினால், எடுக்கலாமா, கதிர்வீச்சு கொடுக்கலாமா என்ற பேச்சு அப்போது. கதிர்வீச்சு கட்டியைக் கரைக்காது, பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தும்.

ஒன்றை மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று. இருந்தால் முடிவு மொத்தமாக மாறும். இரண்டு பக்கமும் அறுவை சிகிச்சை செய்தால் கழுத்திலிருந்து பி.பி.யைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் இரண்டுமே போய்விடலாம். பிறகு ஒரு மணி நேரத்தில் 200, அடுத்த மணி நேரத்தில் 90 என்று ஆடும். ஃபியோ வந்துவிட்டதோ என்று தேடவைக்கும் அளவுக்கு அது அதைப் போலவே இருக்கும்.