ரிலே டிக்குன்னு அடிக்குது, பம்ப் ஓடல: கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட் பம்ப். வயர் ரெண்டையும் ரிலே மாட்யூலோட காம்லயும் என்.ஓ.லயும் மாட்டியிருக்கேன். டிக் சத்தம் வருது, பம்ப் அசையல. ரிலே போயிடுச்சா?

பதில்: ரிலே நன்றாகத்தான் இருக்கிறது. அது கரண்ட் தராது, வெறும் சுவிட்ச்; ஆன் ஆனால் காமையும் என்.ஓ.வையும் சேர்க்கும், அவ்வளவுதான். அடாப்டரின் பிளஸ் காமுக்கு, என்.ஓ.விலிருந்து பம்பின் பிளஸ்ஸுக்கு, பம்பின் மைனஸ் நேராக அடாப்டர் மைனஸுக்கு.

இன்னொருவர்: எனக்கும் டிக் மட்டும்தான், ஆனா வயர் அப்படித்தான் மாட்டியிருக்கு. பம்பைக் கழட்டிட்டு என்.ஓ.ல மீட்டர் வெச்சா 12 காட்டுது. பிறகென்ன?

பதில்: அந்த 12-ஐ நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம்; கருகிய காண்டாக்ட் வழியாகவும் 12 காட்டிவிடும். பம்பை மாட்டி, ரிலேயை ஆன் செய்து, மூன்று இடத்தில் அளவெடுங்கள். முதலில் காமுக்கும் என்.ஓ.வுக்கும் நடுவே: பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் காண்டாக்ட் சரி, 12 முழுதாக நின்றால் காண்டாக்ட் சேரவில்லை. அடுத்து அடாப்டர் முனை. கடைசியாகப் பம்ப் முனை. அங்கே 12 இருந்தும் ஓடவில்லையென்றால் பம்ப் இறுகியிருக்கிறது, அல்லது பிரஷ் தேய்ந்திருக்கிறது.

அவரே: அளந்துட்டேன். காம், என்.ஓ. நடுவுல 0.05. ஆனா ஆன் ஆனதும் அடாப்டர்லயே 12 இருந்தது 4-க்கு இறங்குது. அடாப்டர் 1 ஆம்பியர், பம்ப் லேபிள்ல 3.

பதில்: அப்போது குற்றவாளி அடாப்டர். நின்ற மோட்டார் கிளம்பும்போது லேபிளில் உள்ளதைவிடப் பல மடங்கு இழுக்கும். உறுதிசெய்ய, ரிலேயை விட்டுவிட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஃபியூஸ் போட்டுப் பம்பை நேராகத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் அடாப்டரை மாற்றுங்கள்; 5 ஆம்பியருக்குக் குறையாமல்.

கேள்வி: ரிலேயை ஆன் பண்ற புரோகிராம் தப்பா இருக்குமோ?

பதில்: டிக் சத்தம் வந்துவிட்டது, புரோகிராமைக் கிளறாதீர்கள். ரிலே ஆஃபில் மட்டும் பம்ப் ஓடினால் வயர் என்.சி.யில் இருக்கிறது.

கேள்வி: கிணத்துல இருக்கற 1 எச்.பி. மோட்டாரை இதே ரிலே மாட்யூல்ல ஓட்டலாமா? 746 வாட்தானே, 230 வோல்ட்டுக்கு மூணே கால் ஆம்பியர். மாட்யூல்ல 10 ஆம்பியர்னு போட்டிருக்கே, தாராளமா தாங்குமே?

பதில்: 746 என்பது தண்டில் கிடைக்கும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போல ஐந்தாறு மடங்கு. அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற லோடுக்குச் சொன்னது. காண்டாக்ட் கருகினால் டிக் மட்டும் மிஞ்சும். ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம்: மோட்டார் நிற்கவே நிற்காது, கிணறு வற்றியும் ஓடும். மோட்டாருக்கென்றே உள்ள பெரிய ரிலேயான கான்டாக்டரைப் போடுங்கள்; மாட்யூல் அதன் காயிலை மட்டும் இழுக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் சுமக்கட்டும்.

இன்னொருவர்: ரெண்டு வருஷமா எங்க தோட்டத்துல அதே மாட்யூல்தான் ஓடுது!

பதில்: எத்தனை எச்.பி., நாளுக்கு எத்தனை ஸ்டார்ட்? அது தெரியாமல் ஒப்பிட முடியாது.

அவரே: அரை எச்.பி. காலையில ஒரு தடவை. அதனால என்ன, காண்டாக்ட்டே இல்லாத எலக்ட்ரானிக் ரிலே, எஸ்.எஸ்.ஆர்., போட்டா தேய்மானமே இல்லையே?

பதில்: எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் ஆனிலேயே கெடும். கிணற்று மோட்டாருக்கு நான் போடமாட்டேன்.

கேள்வி: டிக் வருது, பம்ப் ஓடல, ஹெல்ப்!

பதில்: மேலே சொன்ன மூன்று அளவுகளையும் எடுத்து எழுதுங்கள். 230 வோல்ட் மோட்டார் என்றால் வயரைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். ரிலே ஆஃபில் இருந்தாலும் காம் முனையில் கரண்ட் இருக்கும்.