அறையின் படத்தில் தெரியாத அந்த ஒன்றரை அடி

கேள்வி: என் அறையின் படம் இணைத்திருக்கிறேன். கட்டில், பீரோ, மேசை மூன்றும் இதில் வர வேண்டும். எப்படி அடுக்குவது?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் நல்ல பெரிய ஜன்னல் இருக்கிறது, வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனால் கட்டிலை எந்தச் சுவரில் போடுவது என்று இப்போதே சொன்னால் அது வெறும் ஊகமாகத்தான் இருக்கும். ஓரத்தில் இருக்கும் கதவு நிலை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது போலத் தெரிகிறது பாருங்கள். போனில் 0.5x வைத்து எடுத்தால் இப்படி வரும். அது மொத்த அறையையும் ஒரே படத்தில் அடக்கிவிடும், ஆனால் எதிர்ச்சுவரை இன்னும் தள்ளிக் கொண்டுபோய் வைத்ததுபோலக் காட்டும். நடுவில் தாராளமாக இடம் இருப்பதுபோலத் தெரிவது பாதி அதனால்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தோழி ஒருத்தி இதேபோல ஒரு படம் அனுப்பி இதே கேள்வியைக் கேட்டாள். படத்தைப் பார்த்ததும், வலப்பக்கச் சுவரில் தலைமாடு வருகிற மாதிரிக் கட்டிலைப் போடு, இடப்பக்கச் சுவரில் எதிரே பீரோவை வை என்று உடனே சொல்லிவிட்டேன். அவளும் ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நகர்த்தினாள். அன்று மாலையே, பீரோ கதவு முழுதாகத் திறக்கவில்லை என்று இன்னொரு படம் வந்தது. கதவின் கீழ்முனை கட்டில் கால்மாட்டில் இடித்து, புதிய மரத்தில் ஒரு வெள்ளைக் கீறல்.

அதற்கு அப்புறம்தான் அளவு கேட்டேன். அறை 10 அடி அகலம், 12 அடி நீளம். கட்டில் 5 அடிக்கு 6½ அடி. பீரோ 4 அடி அகலம், 2 அடி ஆழம், இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 2 அடி. அகலவாட்டில் கட்டில் 6½, பீரோ 2, இரண்டும் சேர்ந்தே 8½ அடியைத் தின்றுவிட்டன. மிச்சம் ஒன்றரை அடி. அதில் 2 அடிக் கதவு எப்படித் திறக்கும்? அந்த ஒன்றரை அடி படத்தில் மூன்றடி போலத் தெரிந்தது.

அதனால் முதலில் அளவு. இஞ்ச் டேப் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தரையில் டைல்ஸை எண்ணுங்கள். உங்கள் படத்தில் தரை டைல்ஸ் சதுரமாகத் தெரிகிறது. ஒரு டைல் 60 சென்டிமீட்டர் என்றால் ஐந்து டைல்ஸ் 3 மீட்டர், அதாவது 10 அடிக்கு இரண்டு இஞ்ச் குறைவு. ஆனால் எல்லா டைலும் 60 அல்ல. ஒன்றை மட்டுமாவது ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணுங்கள். சுவர் ஓரத்தில் வெட்டிப் பதித்த துண்டு டைல்ஸையும் விட்டுவிடாதீர்கள், அது சில இடங்களில் அரை அடிக்கு மேலும் இருக்கும்.

நீளத்தையும் அகலத்தையும் இரண்டு இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். சுவர்கள் நேராக இருப்பதுபோலத் தோன்றினாலும் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓர் இஞ்ச், இரண்டு இஞ்ச் வித்தியாசம் வருவது சகஜம். கதவு எத்தனை அடி அகலம், உள்ளே திறக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் வேண்டும். ஜன்னல் எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொடங்குகிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் பாயிண்ட்கள் எங்கே எங்கே இருக்கின்றன, இவையும் வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் கோணல்மாணலாக வரைந்து அனுப்பினாலே போதும், பத்துப் படத்தைவிட அது உதவும்.

அளவு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தோழியின் அறையில் அளவு தெரிந்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது: அந்தக் கட்டிலில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? இதைக் கேட்காமல் யாராவது அறை அடுக்கச் சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் மட்டும் என்றால் கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடலாம். இரண்டு பேர் என்றால், சுவர் ஓரம் படுப்பவர் நடுராத்திரி எழுந்திருக்க மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்படியானால் இரண்டு பக்கமும் குறைந்தது 2 அடி விட வேண்டும்.

அந்த அறையைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் கதவருகே நிற்கிறீர்கள். கதவு இந்தச் சுவரின் இடது மூலையில், 2½ அடி அகலம், இடப்பக்கச் சுவரை நோக்கிச் சாய்கிறது. ஜன்னல் எதிர்ச்சுவரின் நடுவில். கட்டிலின் தலைமாட்டை ஜன்னல் சுவரில் வைத்தால் நீளவாட்டில் 6½ அடி போகும். பீரோவைக் கதவு இருக்கும் சுவரிலேயே வலது மூலையில் வைத்தால் இன்னும் 2 அடி. 12 அடியில் இவை இரண்டும் போக 3½ அடி மிச்சம். பீரோ கதவு 2 அடி திறந்து, அதன் முன்னால் ஆளும் நிற்கலாம். இதுவரை சிக்கல் இல்லை.

மேசையில்தான் விஷயமே இருக்கிறது. கட்டிலை வலப்பக்கச் சுவரோடு ஒட்டினால் இடப்பக்கம் 5 அடி கிடைக்கும். அங்கே இடச்சுவரை ஒட்டி, ஜன்னலுக்குப் பக்கத்தில், 4 அடி நீளமும் 2 அடி ஆழமும் உள்ள மேசை. நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க இரண்டரை அடி வேண்டும், அதுவும் கிடைக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும், அதனால் கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல் பிரதிபலிக்காது. (வலப்பக்கமிருந்து வெளிச்சம் வருவதால், வலது கையால் நிறைய எழுதுகிறவருக்குக் கை நிழல் தாளில் விழும். அவர் இடதுபக்கம் ஒரு மேசைவிளக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.)

இரண்டு பேர் படுக்கும் கட்டில் என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வலப்பக்கம் 2 அடி விட்டால் இடப்பக்கம் 3 அடிதான் மிச்சம். அதில் 2 அடி மேசை போட்டால் நடக்க ஒரு அடி, உட்கார இடமே இல்லை. அப்போது மேசையைக் கதவுச் சுவருக்கு, பீரோவின் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சுவரில் கதவும் நிலையும் 3 அடியை எடுத்துக்கொள்ளும், பீரோ 4 அடி, மிச்சம் 3 அடி. மேசையும் 3 அடிக்குள் இருக்க வேண்டும். நாற்காலி அந்த 3½ அடி இடைவெளியில் நிற்கும், அறைக்கதவும் இடிக்காது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வரும், பகலில் திரை முழுக்க அதுதான் தெரியும். கனமான திரைச்சீலை போட்டுத்தான் வேலை பார்க்க முடியும்.

இதனால்தான் உங்களிடமும் கேட்கிறேன்: அந்த மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள்? எட்டு மணி நேரம் அதில்தான் வேலை என்றால், நான் ஜன்னல் பக்கத்து இடத்தை மேசைக்குத்தான் கொடுப்பேன், கட்டிலில் ஒரு பக்கம் ஒட்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள் கணக்குப் பார்க்க மட்டும் என்றால் 3 அடி மேசையே தாராளம். தோழி தினமும் வீட்டிலிருந்து வேலை செய்பவள், தனியாகத்தான் இருக்கிறாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டி, ஜன்னல் பக்கத்தில் மேசை போடும் ஏற்பாடுதான் அவளுக்குப் பொருந்தியது.

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பழைய செய்தித்தாளைக் கட்டில், பீரோ, மேசை அளவுக்கு ஒட்டித் தரையில் விரியுங்கள். பீரோ கதவு திறக்கும் 2 அடிக்கும் தனியாக ஒரு தாள். அதை மிதிக்காமல் ஒரு நாள் முழுக்க அறைக்குள் போய் வாருங்கள். எந்த இடத்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதோ, அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம். சாமானைச் சுமந்து வரும்போது அதே இடத்தில்தான் இடுப்பு இடிக்கும்.

பட்ஜெட் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு செலவழிப்பீர்கள் என்பதைவிட, இருக்கிறதில் எதை மாற்றவே மாட்டீர்கள் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். அந்தக் கட்டில் அப்படியேதான் இருக்கும் என்றால் மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் அமையும். அடுத்து, வாடகை வீடா, சொந்த வீடா, சுவரில் துளை போடலாமா? துளை போடலாம் என்றால் மேசைக்கு மேலே ஒரு சுவர்த்தட்டு அடித்து, புத்தக அலமாரி வாங்குவதையே தவிர்க்கலாம். வாடகை வீடு என்றால் சுவரோடு சேர்த்துச் செய்யும் எதிலும் பணம் போடாதீர்கள், போகும்போது எடுத்துப்போக முடியாது.

கையில் செலவுக்கே இல்லை என்றாலும் நகர்த்துவதாலேயே பாதி சரியாகும். கொஞ்சம் இருக்கிறது என்றால், புதுச் சாமானைவிட, மேசை வரப்போகும் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலாகப் போடுவதற்கு அதைக் கொடுப்பேன். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் வயர் நடைபாதையின் குறுக்கே தரையில் ஓடும், தினமும் கால் தடுக்கும். தோழிக்கும் அந்த ஒரு வேலைக்குத்தான் செலவானது. நிறையவே இருக்கிறது என்றால், தள்ளித் திறக்கும் கதவு வைத்த பீரோவைப் பற்றிப் பேசலாம். அதன் முன்னால் கதவுக்கென்று 2 அடி விட வேண்டியதில்லை, ஆள் நிற்க இடம் இருந்தால் போதும். ஆனால் ஒரு நேரத்தில் பாதிப் பீரோதான் திறக்கும், பீரோவின் ஆழமும் மூன்று நான்கு இஞ்ச் கூடும். அதையும் சேர்த்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

சரி, இப்போது 1x வைத்து இரண்டு படம் எடுங்கள். ஒன்று கதவு மூலையிலிருந்து, இன்னொன்று அதற்கு நேரெதிர் மூலையிலிருந்து, கதவு திறந்திருப்பது தெரிகிற மாதிரி. கூடவே அந்தத் தாளில் வரைந்த அளவும், கட்டிலில் எத்தனை பேர், மேசையில் எத்தனை மணி நேரம், எது மாறாது, சுவரில் துளை போடலாமா என்பதும். கருத்துப் பகுதியிலேயே போடுங்கள், பார்த்துவிட்டு எந்தச் சுவரில் எது என்று எழுதுகிறேன்.