மிக்சி இரண்டாம் வேகத்தில் மட்டும் நிற்கிறது

“மிக்சி 1இலும் 3இலும் ஓடுது, 2இல வைச்சால் நிண்டுடுது. மோட்டர் எரிஞ்சிட்டுதோ அண்ணை?”

இல்லைத் தம்பி, மோட்டரில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. பொதுவாக இந்த மோட்டர்களின் அசையாத கம்பிச் சுருளான நிலைச் சுருளில், வேகத்துக்கு ஒன்றாக இடையிடையே வயர் எடுத்திருப்பார்கள். 3இல் சுருளின் குறைந்த கம்பிச் சுற்றுகளில்தான் மின்சாரம் ஓடும், அதனால் காந்தப்புலம் தளர்ந்து வேகம் கூடும். 1இல் முழுச் சுற்றும் வேலை செய்யும். அதாவது 1இல் ஓடும் மின்சாரம் 2இன் வயர் கிளம்பும் இடத்தையும் தாண்டித்தான் போகிறது. சுருள் அறுந்திருந்தால் 1உம் ஓடாது. 1, 2 இரண்டும் நின்று 3 மட்டும் ஓடினால்தான் சுருளைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே சுவிட்சின் 2ஆம் தொடுமுனை கருகியிருக்கும், அல்லது அதன் வயர் கழன்றிருக்கும். உழுந்து அரைபடும்போதே குமிழைத் திருப்பினால் உள்ளே தீப்பொறி பறந்து முனை கருகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறவுங்கள். முதலில் வயர்களைப் படம் எடுங்கள். அப்புறம் குமிழை 2இல் வைத்து, சுவிட்சின் பொதுமுனைக்கும் 2ஆம் முனைக்கும் ஓம் அளவில் வைத்த மல்டிமீற்றரைப் பிடியுங்கள். கிட்டத்தட்ட 0 ஓம் காட்டாவிட்டால் சுவிட்ச்தான். கருகியதை உரஞ்சிப் போட்டால் கொஞ்ச நாள்தான் ஓடும். பழையதையே கையில் கொண்டுபோய், டவுனில் அதே முனை அமைப்புள்ள சுவிட்ச் கேளுங்கள்.