கிரேன், போர்க்லிஃப்ட் ஆபரேட்டர்: சர்டிபிகேட்டும் சைட்டில் கேட்பதும்

"அண்ணே, அஞ்சு வருசமா ஹைட்ரா ஓட்டுறேன், ஹெவி லைசென்ஸ் கையில இருக்கு. அது போதாதா?" (நாகப்பட்டினம்)

பாதி சரி தம்பி. ரோட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், அதைக் கேட்காத சைட் இல்லை. ஆனால் கொக்கியில் சுமை தொங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆர்டிஓ பார்ப்பதில்லை, அதனால்தான் தனி சர்டிபிகேட் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு ஆர்பிஎல் என்று ஒரு வழி உண்டு. முழுப் பயிற்சிக்குப் போக வேண்டாம், குறுகிய வகுப்புக்குப் பிறகு மதிப்பீடு. பாஸானால் கிடைக்கும் கார்டில் எந்த மெஷின் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஹைட்ரா கார்டை வைத்துக்கொண்டு டெலஸ்கோபிக் கிரேனில் ஏறினால் கேட்டிலேயே நிறுத்துவார்கள்.

"பிராக்டிகல்ல என்னதான் செய்யச் சொல்வாங்க?"

ஏறி உட்கார்வதற்கு முன்பே மார்க் போட ஆரம்பித்துவிடுவார்கள். வண்டியைச் சுற்றி வந்தீர்களா, வயர் ரோப்பில் அறுந்த இழை இருக்கிறதா, கொக்கியின் லாட்ச் மூடுகிறதா, லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். அப்புறம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட். அங்கேதான் நம்ம ஆட்கள் கவிழ்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 4 டன் பம்ப், கொக்கி பிளாக் 300 கிலோ, ஸ்லிங்கும் ஷேக்கிளும் 100 கிலோ. தூக்க வேண்டியது 4 டன் இல்லை, 4.4 டன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 8 மீட்டர் ரேடியஸ், சார்ட்டில் அந்த இடத்துக்கு 5.2 டன் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கலாம்தானே என்பீர்கள். ஆனால் 85 சதவீதம் ஆகிவிட்டது, 75-க்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கும் சைட்டில் அது 'வேண்டாம்'. வண்டியை ஒரு மீட்டர் நெருக்கி வைத்து, சார்ட் 7 மீட்டருக்கு 6.1 டன் காட்டினால் 72 சதவீதம், தூக்கலாம். இதை வாயால் சொல்லிக்காட்டும் ஆள் பாஸ். அனுபவத்துல தெரியும் சார் என்பவரை மறுபடி வரச்சொல்லிவிடுவார்கள்.

"கேபின்ல சுமையை அளந்து காட்டுற எல்எம்ஐ இருக்குல்ல, ஓவர் ஆனா அதுவே கத்துமே. சார்ட் எதுக்கு?"

கத்தும், நீங்கள் அதற்கு உண்மையைச் சொல்லியிருந்தால். பல வண்டிகளில், வண்டி சாயாமல் பக்கத்தில் நீட்டி ஊன்றும் கால்களான அவுட்ரிகர் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை ஆபரேட்டர்தான் செட் பண்ண வேண்டும். பாதி நீட்டிவிட்டு முழுசு என்று வைத்தால் கவிழும்வரை வாயைத் திறக்காது. இன்னொன்று, மண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நம்ம பக்கம் வயலை நிரப்பிப் போட்ட சைட்தான் அதிகம்: மேலே கிராவல், கீழே களி. காலையில் காய்ந்து கெட்டியாகத் தெரியும், ஒரு மழை பெய்தால் அவுட்ரிகர் கால் ஒரு பக்கம் இறங்கும். கீழே தேக்குக் கட்டையோ இரும்பு பிளேட்டோ போடாமல் தூக்க ஆரம்பித்தால் அசெஸர் அங்கேயே நிறுத்திவிடுவார். லெவல் பபுளை ஒருமுறை பார்த்தது போதாது, முதல் தூக்கை அரை அடி உயர்த்தி நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

"எங்க அரிசி ஆலையில தம்பி போர்க்லிஃப்ட் ஓட்டுறான். முதலாளி லெட்டர் குடுத்தா காரைக்கால் பக்கம் எடுத்துப்பாங்களா?" (மன்னார்குடி)

அனுபவத்துக்கு அந்த லெட்டர் உதவும் அம்மா, திறமைக்கு ஆதாரம் ஆகாது. ஆலைக்குள் மட்டுமே ஓடும் வண்டிக்கு ரோட்டு லைசென்ஸ் கட்டாயமில்லை என்பதால் பல பேர் ஒன்றுமே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், பெரிய சைட்டில் அது செல்லாது. அங்கே பார்ப்பது இதுதான்: ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, மாஸ்ட்டைப் பின்னால் சாய்த்துப் போகிறாரா, மூட்டை கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் போகிறாரா, சரிவில் சுமையை மேட்டுப் பக்கம் வைக்கிறாரா. தம்பி சரிவில் எப்படி இறங்குகிறார் என்று ஒருநாள் பாருங்கள்.

"நான் ஆள் எடுக்கிற பக்கம் இருக்கேன். கார்டு உண்மையான்னு எப்படித் தெரியும்?" (திருவாரூர்)

க்யூஆரை ஸ்கேன் பண்ணினால் பெயரும் போட்டோவும் வரும். அதோடு திருப்தியாகாமல் எந்த இணைய முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள் சார், போலிக்கும் க்யூஆர் அடித்துத் தருகிறார்கள். ஆதாரோடு பெயரை ஒப்பிடுங்கள், கண் பரிசோதனைச் சான்று எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ஆளின் கார்டு சரியாக இருந்து வண்டியின் சர்டிபிகேட் காலாவதியானால் பயனில்லை. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தகுதி பெற்ற ஆள் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தூக்கும் இயந்திரத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்றது.

"எந்த சர்டிபிகேட் வாங்கினா எல்லா சைட்டும் ஒத்துக்கும்?"

அப்படி ஒன்று இல்லை. திறன் கவுன்சில் கார்டே போதும் என்பவர்களும் உண்டு, தாங்கள் சொல்லும் மூன்றாம் தரப்பு நிறுவனத்திடம்தான் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு, வளைகுடாவுக்குப் போனால் பெரும்பாலும் அங்கே மறுபடி டெஸ்ட். பணம் கட்டுவதற்கு முன் போகப்போகும் சைட்டின் சேஃப்டி ஆபீசரிடம், உங்களுக்கு யாருடைய கார்டு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.