ஃபைனல் எக்ஸாமுக்கு முந்தின நாள் என் பசங்ககிட்ட நான் பேசுறது

கேள்வி: கேட்டரிங் சர்டிஃபிகேட் ஃபைனல் எக்ஸாம் வருது. கேள்வி பதில் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன், இது போதுமா? கிளாஸ் எடுக்குற செஃப் யாராவது இருந்தா சொல்லுங்க.

நான் கிளாஸ் எடுக்குற ஆள்தான். ஒவ்வொரு பேட்ச்சையும் எக்ஸாமுக்கு முந்தின நாள் கிச்சன்ல நிக்க வெச்சு பத்து நிமிஷம் பேசுவேன், போன தடவை பேசினதை ஞாபகம் இருக்குற வரைக்கும் அப்படியே எழுதுறேன்.

"எல்லாரும் நோட்டை மூடுங்க. ஹாலண்டேஸ் சாஸ் கெட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? 'புது மஞ்சக்கரு எடுத்து அதுல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடிக்கணும் செஃப்'. சரி, நோட்ல அதுதான் இருக்கு. முன்னாடி ஒரு பேட்ச்ல ஒரு பையன் எக்ஸாம்ல அதைத்தான் செஞ்சான். அவன் சாஸ்ல ரவை மாதிரி முட்டைத் துணுக்கு. ஒரு மஞ்சக்கரு போட்டு அடிச்சான், அடங்கல, இன்னொண்ணு போட்டான், கால் மணி நேரம் கை ஓயாம அடிச்சும் துணுக்கு துணுக்காவேதான் இருந்துச்சு. திரும்ப முதல்ல இருந்து பண்ண அவனுக்கு டைம் இல்ல. நல்லா வேலை செய்யுற பையன்ப்பா, எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

அவன் சாஸ் பிரியல, திரிஞ்சிருச்சு. ரெண்டும் வேற வேற.

இந்த சாஸ்ல என்ன நடக்குதுன்னு மட்டும் யோசிங்க. உருக்கின வெண்ணெயை நாம அடிச்சு அடிச்சு பொடிப்பொடி துளியாக்கி தண்ணில மிதக்க விடுறோம், மஞ்சக்கருல இருக்குற லெசித்தினும் புரோட்டீனும் ஒவ்வொரு துளியையும் சுத்தி ஒட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம பாத்துக்குது. அந்தத் தண்ணி எங்க இருந்து வருது? மஞ்சக்கருவுல பாதி தண்ணிதான், அது போக எலுமிச்சை சாறு, நாம ஊத்துற ஒரு ஸ்பூன் தண்ணி, வெண்ணெய்லயே இருக்குற தண்ணி, அவ்வளவுதான். வெண்ணெயை அவசரப்பட்டு கொட்டினாலோ தண்ணி பத்தாம போனாலோ துளியெல்லாம் ஒண்ணு சேர்ந்து எண்ணெயா மேல வந்துரும். இதுதான் பிரியுறது. இதுக்கு ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணிய வேற கிண்ணத்துல எடுத்து அதுல இந்த சாஸை சொட்டு சொட்டா விட்டு அடிச்சாலே பல சமயம் சேர்ந்துரும். புது மஞ்சக்கருவும் வேலை செய்யும், ஏன்னா அது தண்ணியும் லெசித்தினும் சேர்த்தே கொண்டு வருது.

திரியுறது சூட்டால வர்றது. 65, 70 டிகிரி தாண்டுச்சுன்னா மஞ்சக்கரு வேக ஆரம்பிச்சுரும், வெந்த முட்டைய யாராலயும் பச்சை முட்டையா மாத்த முடியாது. லேசா திரிஞ்சிருந்தா உடனே இறக்கி வடிகட்டலாம், நிறைய திரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே கீழ கொட்டிட்டு புதுசா ஆரம்பிங்க. எதுன்னு எப்படி தெரியும்? ஒரு சொட்டு எடுத்து விரல்ல தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு எண்ணெயா இருந்தா பிரிஞ்சிருக்கு, நறநறன்னு இருந்தா திரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. நாம இங்க முழு வெண்ணெய்ல பண்ணிப் பழகினோம், எக்ஸாமினர் நாளைக்கு கிளாரிஃபைடு பட்டர் குடுத்தா? முழு வெண்ணெய்ல நூத்துக்கு 16 பங்கு கிட்ட தண்ணி, அப்போ 250 கிராம்ல 40 கிராம். மூணு மஞ்சக்கருல இருக்குற தண்ணியே 27 கிராம் அளவுதான்னு வெச்சா அந்த 40 எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க. கிளாரிஃபை பண்ணும்போது அது போயிருது. அதே அளவை ஒப்பிச்சு அதே மாதிரி ஊத்துனா பாதிலயே சாஸ் இறுகி, விஸ்க் கம்பில கட்டியா ஒட்டும், ஓரத்துல எண்ணெய் மினுங்கும். அதைப் பாத்ததும் வெண்ணெயை நிறுத்திட்டு ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி விடுங்க, தளர்ந்ததும் மறுபடி ஊத்துங்க. இது நோட்ல இல்ல. ஆனா தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சவனுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

இவ்வளவுதான் பேசினேன். உங்களுக்கும் நான் சொல்றது, மனப்பாடம் பண்ண பதிலை வீணாக்க வேணாம், இன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொரு பதில் பக்கத்துலயும் 'எதனால'ன்னு ஒரு வரி உங்க வார்த்தையிலயே எழுதிப் பாருங்க. எந்த பதில் பக்கத்துல பேனா நிக்குதோ அதை மட்டும் நாளைக்குக் காலைல உங்க செஃப்கிட்ட போய் கேளுங்க, முடிஞ்சா அடுப்புல வெச்சு ஒரு தடவை வேணும்னே கெடுத்தும் பாருங்க.