பல கிளைகளின் கரண்ட் பில், தண்ணீர் பில்லை ஒரே அட்டவணையில் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பேக்கரிக்குக் கோவை, திருப்பூர், கோபி என்று 9 கிளைகள். பில்களை மாதவாரியாக எக்செலில் ஏற்றுகிறேன். ஆனாலும் எந்தக் கிளை அதிகம் இழுக்கிறது என்று பிடிபடவில்லை. எப்படிப் போட்டால் தெரியும்?

பதில்: மாதத்துக்கு ஒரு கட்டம் வைத்துத் தொகையை நிரப்பினால் பிடிபடாதுங்க. நம் கடைகளின் எல்டி என்ற தாழ்வழுத்த இணைப்புக்குப் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். அதுவும் கிளைக்குக் கிளை வேறு தேதி. அதனால் ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று போடுங்கள்: A கிளை, B சர்வீஸ் எண், C முந்தைய ரீடிங் தேதி, D இந்த ரீடிங் தேதி, E, F அந்த இரண்டு ரீடிங், G பெருக்கல் எண். கரண்டைச் சிறு பங்காகக் குறைத்து அளக்கும் சிடி மீட்டர் உள்ள பெரிய கிளைக்கு மட்டும் பெருக்கல் எண் பில்படி வரும், மற்றவற்றுக்கு 1.

கோபி கிளையில் மார்ச் 12-ல் 18420, மே 11-ல் 21060 என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் 2640 யூனிட், நாளுக்கு 44. மார்ச்சுக்கு 19 நாள், ஏப்ரலுக்கு 30, மேக்கு 11. ஆக 836, 1320, 484 யூனிட். L1 முதல் வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் போட்டு, L2-வில் இதைக் கொடுத்து இழுத்துவிடுங்கள்:

```
=MAX(0,MIN($D2,EOMONTH(L$1,0))-MAX($C2,L$1-1))*($F2-$E2)*$G2/($D2-$C2)
```

நடுவில் உள்ள H முதல் K வரை பணத்துக்கு: யூனிட் கட்டணம், நிலைக்கட்டணம், வரி, மற்றவை. கூடுதல் டெபாசிட், பழைய பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் "மற்றவை"யில் போகட்டும். டெபாசிட் செலவே அல்ல. அதைச் சேர்த்துவிட்டு "இந்தக் கிளை கரண்ட் தின்கிறது" என்று மேனேஜரைத் திட்டுகிற முதலாளிகள் உண்டு.

அடுத்து ஒரு சரிபார்ப்பு. இந்த பில்லின் C, E இரண்டும் அதே சர்வீஸின் முந்தைய பில்லின் D, F-உடன் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஒரு பில் விட்டுப்போயிருக்கும், அல்லது மீட்டர் மாறியிருக்கும். மீட்டர் மாறினால் பழையதற்கு ஒரு வரி, புதியதற்கு ஒரு வரி. கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காத பில் சராசரிக் கணக்கில் வரும். அடுத்த ரீடிங் வந்ததும் இரண்டு பில்லையும் ஒரே வரியாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் பொய்யாகக் குறைந்து அடுத்த மாதம் பொய்யாக ஏறும்.

தண்ணீருக்குத் தனித்தாள், அளவு கிலோலிட்டரில். மீட்டர் இல்லாத குழாய்க்கு நிரந்தரக் கட்டணம்தான், அங்கே பயன்பாட்டுக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி கெட்டுவிடும். லாரித் தண்ணீரை லோடு கணக்கில் குறித்து, ஒரு லோடின் லிட்டரால் பெருக்கி, 1000-ஆல் வகுத்துக் கிலோலிட்டராக்குங்கள். போர்வெல் கிளைகளைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள். அங்கே தண்ணீர்ச் செலவு குறைவாகத் தெரியும், மோட்டார் ஓடியது கரண்ட் பில்லில் போய் உட்கார்ந்திருக்கும். கோடையில் அந்தக் கிளைகளின் நாள் யூனிட் ஏறினால், ஏசியைக் குறை சொல்லும் முன் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள்.