போர்டில் ‘அல்’, போனில் ‘அஷ்’: ரியாத் முகவரிகளைக் காதால் பிடிப்பது

“அண்ணா, ரியாத் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, டெலிவரி வேலை. போர்டுல ஏரியா பேருக்கு முன்னாடி ‘Al’னு போட்டிருக்கு. ஆனா கஸ்டமர் போன்ல சொல்லும்போது சிலதுக்கு ‘அல்’ வருது, சிலதுக்கு ‘அஷ்’, ‘அர்’னு வருது. எதுக்கு எது வரும்னு எப்படிண்ணா தெரிஞ்சுக்கிறது?”

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. அரபியில் இந்த ‘அல்’ எழுத்தில் மாறவே மாறாது, எப்போதும் அலிஃப், லாம். வாயில் சொல்லும்போதுதான் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து அந்த ‘ல்’ மாறும். அரபியில் 28 எழுத்துகள். அவற்றில் 14 எழுத்துகளுக்கு முன்னால் லாம் அப்படியே கேட்கும். இவை சந்திர எழுத்துகள். மற்ற 14 எழுத்துகளுக்கு முன்னால் லாம் மறைந்துபோய், அந்த எழுத்தே இரட்டிக்கும். இவை சூரிய எழுத்துகள். பெயர் வந்ததும் அந்தச் சொற்களை வைத்துத்தான். சந்திரனுக்கு அரபியில் அல்-கமர், சூரியனுக்கு அஷ்-ஷம்ஸ்.

இந்த ஊரின் பெயரே சூரியப் பக்கம்தான். போர்டில் Riyadh என்று இருந்தாலும் அரபியில் அர்-ரியாத். அதேபோல அத்-தம்மாம், அத்-தாயிஃப். ஆனால் அல்-கோபர், அல்-கஸீம், அல்-பத்ஹா. ஆங்கில போர்டுகளில் ஒரே முறை கிடையாது. ஓரிடத்தில் Al Naseem, மேப்பில் An Nasim. இரண்டும் ஒரே ஏரியாதான், வாயில் அந்-நஸீம்.

14ஐயும் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வேண்டாம். ‘ல்’ சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டும். அடுத்த எழுத்தும் நாக்கின் முன்பகுதியால் அதே இடத்தை ஒட்டிப் பிறந்தால் லாம் அதோடு கலந்துவிடும். த, ர, ஸ, ஷ, ந வகைகள் எல்லாம் அப்படிப்பட்டவை. உதட்டில் பிறக்கும் ப, ஃப, ம, வ, பின்னாக்கில் பிறக்கும் க வகைகள், தொண்டையில் பிறக்கும் ஹ வகைகள் எல்லாம் தூரத்தில் இருப்பதால் லாம் பிழைத்துக்கொள்ளும். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இலக்கணம் எழுதிய சீபவைஹியும் நாக்கு நுனியை வைத்துத்தான் இதை விளக்கியிருக்கிறார்.

நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அரபியில் நம் காதுக்குப் பிரித்துக் கேட்காத எழுத்துகள் நிறைய. ஸீனா ஸாதா, தாவா கனத்த தாவா, காஃபா ஃகாஃபா, ஹாவா ஹாவா என்று புதிதாக வந்தவர்கள் தவிப்பார்கள். ஆனால் இப்படிக் குழம்பும் இந்த ஜோடிகளில் ஒவ்வொரு ஜோடியும் ஒரே பக்கம்தான் நிற்கிறது. ஸ மாதிரிக் கேட்டால் எந்த ஸ ஆனாலும் சூரியன். க மாதிரிக் கேட்டால் எந்த க ஆனாலும் சந்திரன். ஹ-வும் அப்படியே. அதனால் எழுத்து சரியாகப் பிடிபடாத முதல் மாதத்திலேயே நீங்கள் ‘அல்’லைச் சரியாகச் சொல்ல முடியும்.

விதிவிலக்கு மாதிரித் தெரிவது ஒன்றே ஒன்று, ஜீம். ‘ஜ’ சொல்லும்போது நாக்கு முன்னால்தானே இருக்கிறது, அப்படியானால் சூரியனாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அது சந்திர எழுத்து. பழைய அரபியில் அது இன்னும் பின்னால், நடுநாக்கில் பிறந்த ஒலி. எகிப்துக்காரர்கள் இன்றும் அதை அழுத்தமான ‘க’ மாதிரித்தான் சொல்வார்கள். ஒலி முன்னால் நகர்ந்துவிட்டது, விதி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அல்-ஜுபைல், அல்-ஜவாஸாத். சிரியா, லெபனான் பக்கத்து ஆட்கள் சிலர் பேச்சில் ஜீமையும் இரட்டித்து ‘இஜ்-ஜும்ஆ’ என்பார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அது அவர்கள் வழக்கு.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். நஸீம் ஏரியா இரண்டு: மேற்கு நஸீம், கிழக்கு நஸீம். மேற்கு என்றால் அந்-நஸீம் அல்-கர்பி. கிழக்கு என்றால் அந்-நஸீம் அஷ்-ஷர்கி. கஸ்டமர் வேகமாகப் பேசுவார், பின்னால் வண்டிச் சத்தம், கடைசிச் சொல் கரைந்துபோகும். ‘கர்பி’, ‘ஷர்கி’ இரண்டும் அந்த இரைச்சலில் ஒன்று போலவே விழும். அப்போது ‘நஸீம்’ முடிந்ததும் வரும் அந்த ஒரு அசையைப் பிடியுங்கள். ‘அஷ்ஷ்…’ என்று நீண்டால் கிழக்கு. ‘அல்’ என்று நாக்கு ஒட்டி நின்றால் மேற்கு. உள்ளூர்ப் பேச்சில் ‘அ’ கொஞ்சம் ‘இ’ பக்கம் போய் ‘இஷ்-ஷர்கி’ என்றும் வரும். உயிர் எப்படி மாறினாலும் இரட்டிப்பு போகாது.

மற்ற திசைகளுக்கும் இதே கணக்கு. வடக்கு அஷ்-ஷமாலி, தெற்கு அல்-ஜனூபி. ஆக, கிழக்கும் வடக்கும் ‘அஷ்’, மேற்கும் தெற்கும் ‘அல்’. ஜீம் தெரியாதவர் தெற்கை ‘அஜ்-ஜனூபி’ என்பார். புரியும், ஆனால் உறுத்தும்.

நீங்கள் திருப்பிச் சொல்லும்போது இரட்டிப்பை விழுங்கிவிடாதீர்கள். ‘அ-நஸீம்’ என்றால் பாதி பெயர் காணாமல் போன மாதிரி இருக்கும். நமக்கு இது கஷ்டமே இல்லை, பல் + நூல் பன்னூல் ஆகும் பாஷையில் பிறந்தவர்கள் நாம். நாம் மாறிய ஒலியை எழுத்திலும் மாற்றுகிறோம், அவர்கள் எழுத்தை மாற்றுவதில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் அப்துல் காதர் என்பவர் பக்கத்திலேயே அப்துர் ரஹ்மான் இருப்பதும் இதனால்தான். பெயர் நடுவில் நிற்பது இதே ‘அல்’. நிஜாமுத்தீன், ஷம்சுத்தீன் எல்லாவற்றிலும் லாம் இப்படித்தான் மறைந்திருக்கிறது.

முன்னால் வேறு சொல் வந்தால் ‘அல்’லின் ‘அ’வும் போய்விடும். ரியாத்தில் என்பது ‘ஃபி அர்-ரியாத்’ அல்ல, ‘ஃபிர்-ரியாத்’. காரில் என்பது ‘பிஸ்-ஸய்யாரா’. ஸலாமுக்குப் பதில் சொல்லும்போது ‘வஅலைக்குமுஸ்-ஸலாம்’ என்று ஒரே மூச்சில் வருகிறதே, அதுவும் இதுதான்.

மேப்பில் அரபியில் தேடும்போது மட்டும் காதை நம்பாதீர்கள். காதில் லாம் இல்லாவிட்டாலும் டைப் பண்ணும்போது லாம் வேண்டும். அந்-நஸீம் என்று கேட்டாலும் எழுத்து النسيم, அலிஃபுக்குப் பின் லாம், அதன் பிறகுதான் நூன்.

இன்னொன்று, போர்டிலோ பெயர்ப் பலகையிலோ ‘Al’ என்று இருப்பதெல்லாம் இந்த ‘அல்’ இல்லை. Al Saud என்பதில் உள்ளது ‘ஆல்’, குடும்பம், வம்சம் என்று அர்த்தம். அரபியில் آل سعود என்று தனிச் சொல்லாக, நெடிலோடு எழுதுவார்கள். அதில் ஸ சூரிய எழுத்தாக இருந்தாலும் லாம் மறையாது, ‘ஆல் ஸஊத்’தான். எமிரேட்ஸின் ஆல் நஹ்யான், கத்தாரின் ஆல் தானீ குடும்பப் பெயர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் பார்த்தால் இரண்டு ‘Al’லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் உள்ள அரபி எழுத்தைப் பாருங்கள்: அலிஃபின் தலையில் அலை போன்ற கோடு இருந்து, பிறகு இடைவெளி விட்டிருந்தால் அது குடும்பப் பெயர், லாமைத் தெளிவாகச் சொல்லுங்கள்.